மூன்றாம் கணக்கில் வெட்டிய வரி

வஸீலாவுக்கு அந்த வகுப்பு போய்விடும் போலத்தான் இருந்தது. சிலியானா மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளைத் தலைமையாசிரியர் ஹப்னாவி தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தேநீரும் வரவழைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். நல்ல செய்திக்கு ஹப்னாவி ஒருநாளும் தேநீர் கொடுத்ததில்லை.

மூன்றாம் ஆண்டுப் பொருளாதாரப் பிரிவு, இரண்டாம் வகுப்பு. இருபத்தேழு பேர். போன சோதனையில் சராசரி இருபதுக்கு ஆறு புள்ளி நாற்பத்தொன்று. முதல் வகுப்பை எடுக்கிற லஸாத்தின் பிள்ளைகளுக்கோ பதினொன்றைத் தாண்டியிருந்தது. பெற்றோர் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். மேடம் கொடுக்கும் பயிற்சித்தாளைப் பார்த்தாலே பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த சோதனையிலும் சராசரி பத்தைத் தொடவில்லையென்றால் விடுமுறைக்குப் பிறகு வகுப்பை லஸாத் எடுத்துக்கொள்வார் என்று ஹப்னாவி சொன்னார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாமே என்று வஸீலாவுக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஒரே பாடத்தை எடுக்கும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர்தான் இரு வகுப்புக்கும் சேர்த்துச் சோதனைத்தாள் தயார் செய்வார். மற்றவர் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. திருத்துவதையும் மாற்றிக்கொள்வார்கள். இவளுடைய பிள்ளைகளின் விடைத்தாளை லஸாத் திருத்துவார், லஸாத் பிள்ளைகளுடையதை இவள் திருத்துவாள். இந்த முறை தாள் போடுகிறவர் லஸாத். பாடம், கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும். ஆகவே வஸீலாவின் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், சோதனைக்கு ஒரு வாரம் முன்னால் தன் வகுப்புக்குக் கொடுக்கும் பயிற்சித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, போன பாடத்துக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுத்திருந்த பயிற்சித்தாள் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனும் ஒவ்வொருத்தியும் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினார்கள் என்று மட்டும் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்தேழில் பத்தொன்பது பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். முதல் கணக்கின் இரண்டாம் பகுதி. 'மூலங்களைக் காண்க' என்று கேட்டிருந்தாள். மூலங்கள் கிடைக்காதவனுக்கு அதற்குப் பிறகு வந்த எந்தக் கேள்வியும் இல்லை, ஏனென்றால் எல்லாமே அந்த மூலங்களை வைத்துத்தான். ஒரு படி தவறினால் பன்னிரண்டு மதிப்பெண் போச்சு. கணக்குத் தெரியாத பிள்ளைகள் என்று ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்திருந்தாள். திட்ட வேண்டியது தாளைப் போட்ட புண்ணியவதியைத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவமானமாக இருந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

புதுத் தாளைக் கட்டத் தொடங்கினாள். மதிப்பெண் பங்கீடு சரியாக இருக்க வேண்டும். கூட்டுக்கு ஆறு, பெருக்குக்கு ஆறு. ஆரம்பத்தில் சரியா தவறா என்று நான்கு, அதில் எந்த மக்குக்கும் குறைந்தது இரண்டு மதிப்பெண் கிடைக்கும்படி. கடைசியில் இரண்டையும் கலந்து ஒரு நான்கு, நன்றாகப் படிக்கிறவர்களும் தலையைச் சொறிய வேண்டுமே. பொருளாதாரப் பிள்ளைகள் வட்டிக் கணக்கைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர்கள் என்பதால், கடைசிக் கணக்குக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர், தினமும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, நாற்பது லிட்டர் சேர்கிறது. ஒவ்வொரு நாள் அளவிலிருந்தும் நானூறைக் கழித்துப் பார்த்தால் 600, 540, 486 என்று அழகாகப் பெருக்குத் தொடர்வரிசை வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'காண்க' என்று இருந்த இடங்களில் 'என்று காட்டுக' போட்டாள். கூட்டுத் தொடர்வரிசையின் ஐந்தாம் உறுப்பு 17, பன்னிரண்டாம் உறுப்பு 45, பொது வித்தியாசம் 4 என்று காட்டுக. காட்ட முடியாதவன் அந்த ஒரு மதிப்பெண்ணை விட்டுவிட்டு, நாலை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். பெருக்கிலும் அப்படியே. முதல் உறுப்பு 3, மூன்றாம் உறுப்பு 12, எல்லா உறுப்புகளும் நேர் எண்கள், பொது விகிதம் 2 என்று காட்டுக, பிறகு முதல் ஆறு உறுப்புகளின் கூடுதல். ஒருவன் எங்கே விழுந்தாலும் எழுந்து நடக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

பேனாவை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் தானே முழுத் தாளையும் எழுதினாள். இருபத்தெட்டு நிமிடம். ஆசிரியருக்கு ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கினால் பிள்ளைகளின் நேரம். எண்பத்து நான்கு. ஒன்றரை மணி நேர வகுப்புக்கு ஆறு நிமிடம் மிச்சம் என்றதும் அவளுக்கே ஒரு திருப்தி.

திருப்தி அச்சுப் பிரதி எடுக்கும் அறை வரைக்கும்தான். அந்த அறையின் ராணி தலீலா. ஆளுக்கு ஒரு தாள், இரண்டு பக்கம், அதற்கு மேல் கேட்டால் காகித அலமாரியின் சாவியை இடுப்பில் தட்டிக் காட்டுவாள். வஸீலாவின் கணக்கோ இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மிஞ்சி மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

"ஒரு வரிக்காக இருபத்தேழு தாளா? நல்லா இருக்கே நியாயம். வெட்டிக் கொண்டா, இங்கேயே உட்காந்து வெட்டு" என்றாள் தலீலா.

வஸீலா கணினி முன்னால் உட்கார்ந்து வெட்டினாள். எழுத்தைச் சிறியதாக்கினால் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒன்றுக்குக் கண் தெரியாது. தொட்டிக் கணக்கில் கைவைக்க மனமில்லை. மூன்றாம் கணக்கில் 'எல்லா உறுப்புகளும் நேர் எண்கள்' என்பது கண்ணில் பட்டது. அதை எடுத்ததும் வரி மேலேறி, தாள் கச்சிதமாக இரண்டு பக்கத்தில் முடிந்தது. மேலே வண்டி வண்டியாக 'காட்டுக' இருக்க, இந்த நாலு சொல் போனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். தாளை மறுபடி எழுதிப் பார்க்கவும் இல்லை. தலீலா இயந்திரத்தைத் தட்டி ஓடவிட்டாள்.

புதன்கிழமை வகுப்பு. வெளியே மழை, உள்ளே பிள்ளைகள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே எழுதினார்கள். வஸீலா வரிசைகளுக்கு நடுவில் நடந்தாள். அரை மணி ஆகியும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கூட்டுக் கணக்கில் தடுக்கியவர்கள்கூட நாலை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மூன்றாம் கணக்கில் எல்லோரும் ஒரே மாதிரி, விகிதத்தின் வர்க்கம் 4, ஆகவே விகிதம் 2, முடிந்தது, என்று எழுதிவிட்டுக் கூடுதலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் எதைப் பார்க்க ஆசைப்பட்டாளோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் ஷிராஸ் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போன சோதனையில் இரண்டரை வாங்கிய பெண். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி. உண்மையைச் சொன்னால் இந்தத் தாளை வஸீலா கட்டியதே ஷிராஸ் மாதிரிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். அவளே நின்றுவிட்டாள் என்றதும் வஸீலாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இங்கேயும் நின்னுட்டியா? விடையையே கையில குடுத்திருக்கேனே, இன்னும் என்னடி வேணும்?"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. ஷிராஸுக்குக் காது சிவந்துவிட்டது. தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ரெண்டுன்னு காட்டச் சொல்லியிருக்கு மேடம். எனக்கு இன்னொன்னும் வருது. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. நாலு தடவ போட்டுட்டேன்."

வஸீலா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். விகிதத்தின் வர்க்கம் 4. கீழே 2. அதற்கும் கீழே, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, கழித்தல் 2. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 3, −6, 12 என்று சரிபார்த்தும் வைத்திருந்தாள். பெருக்குத் தொடர்வரிசைதான். முதல் உறுப்பு 3, மூன்றாம் உறுப்பு 12. எந்தக் குறையும் இல்லை. நேர் எண்கள் என்று சொல்லாதவரைக்கும் இரண்டு என்று யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் அது உண்மையே இல்லை. தாள் சொன்னதை நம்பி இருபத்தாறு பேர் தாண்டிப் போன இடத்தில், தன் கணக்கை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இந்தப் பெண் நின்றிருக்கிறாள். அவளைப் போய் எல்லோர் முன்னாலும் திட்டியாகிவிட்டது.

வஸீலா தாளைத் திருப்பி ஷிராஸின் மேசையில் வைத்தாள். சும்மா இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. பெற்றோர் மனு ஹப்னாவியின் மேசையில் இருக்கிறது. மேடம் போட்ட தாளே தப்பு என்று சாயங்காலம் பதினாலு வீட்டிலும் பேச்சு நடக்கும். ஷிராஸின் தோளைத் தட்டி, இரண்டை வைத்துக்கொண்டு மேலே போம்மா என்று சொன்னால் விஷயம் அங்கேயே புதைந்துவிடும். ஆனால் இந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் தன் கையால் போட்ட கணக்கை நம்ப மாட்டாள்.

கரும்பலகைக்குப் போனாள். எல்லோரையும் பேனாவை வைக்கச் சொன்னாள்.

"மூணாம் கணக்குத் தப்பு. நான் போட்ட தப்பு. ஷிராஸ் எழுதினதுதான் சரி. நீங்க இருபத்தாறு பேரும், நான் சொன்னேங்கிறதுக்காக அதை விழுங்கிட்டீங்க."

பின் பெஞ்சில் ஒருவன், அப்போ மேடத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டான். வகுப்பு அடக்கிக்கொண்டு சிரித்தது.

"இந்தக் கேள்விக்குப் பூஜ்யம். ஷிராஸ், நீ வந்து போடு."

ஷிராஸ் எழுந்து வந்தாள். சுண்ணக்கட்டி ஒருமுறை உடைந்தது. ஆனாலும் இரண்டு வழியையும் பக்கம் பக்கமாகப் போட்டாள். விகிதம் 2 என்றால் ஆறு உறுப்புகளின் கூடுதல் 189. விகிதம் −2 என்றால் −63. பிறகு வஸீலா எல்லோரையும் அவரவர் தாளில், மூன்றாம் கணக்கின் ஓரத்தில், வெட்டுப்பட்ட அந்த நாலு சொல்லையும் கையால் எழுத வைத்தாள். அது இல்லாவிட்டால் இரண்டு விடை, இருந்தால் ஒன்று, இதை மறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றும் சொல்லி வைத்தாள். ஷிராஸிடம் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அது அவளுக்குச் சுலபமாக வரவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

அடுத்த புதன் சோதனை. வெள்ளிக்கிழமை லஸாத்தின் வகுப்பு விடைத்தாள் கட்டும், அவர் போட்ட கேள்வித்தாளும், விடைக்குறிப்பும் வஸீலாவின் கைக்கு வந்தன. திருத்த உட்கார்ந்தவள் இரண்டாம் கணக்கைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். பெருக்குத் தொடர்வரிசை, முதல் உறுப்பு 5, மூன்றாம் உறுப்பு 45, பொது விகிதத்தைக் காண்க, ஒரு மதிப்பெண். நேர் எண்கள் என்ற பேச்சே இல்லை. குறிப்பில் விடை 3 மட்டும். லஸாத்தின் பிள்ளைகள் எல்லோரும் 3 என்று மட்டும் எழுதியிருந்தார்கள். குறிப்பின்படி எல்லோருக்கும் ஒன்று போட்டாள்.

தன் பிள்ளைகள் என்ன எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு லஸாத் என்ன போட்டிருப்பார் என்பதும் தெரியும். கைபேசியை எடுத்தாள், வைத்தாள். உடனே சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லிவிடலாம். தன் தலை கத்திக்கடியில் இருக்கும்போது, உங்கள் கேள்வி தப்பு, என் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கள் காலை ஆசிரியர் அறையில் லஸாத் கட்டை மேசையில் வைத்தார். நேர்மையான மனிதர், ஆனால் குரல் கொஞ்சம் உயரம். மொத்தம் 260, இருபத்தேழால் வகுத்தால் ஒன்பது புள்ளி அறுபத்துமூன்று. பத்தைத் தொடவில்லை. வஸீலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு நாற்பத்தொன்றிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்து, கரையில் கால் வைக்கும் நேரத்தில் இப்படியா என்று இருந்தது. லஸாத் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொரு விஷயமும் இருக்கு வஸீலா. சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. பத்தொன்பது பேர் ஒரே தப்பை வரி மாறாம எழுதியிருக்காங்க. ரெண்டாம் கணக்கு. மூணு இல்லன்னா கழித்தல் மூணுன்னு. என் வகுப்புல ஒருத்தர்கூட அப்படி எழுதல. இது பாத்து எழுதினது. நான் ஹப்னாவிகிட்ட சொல்லியாகணும்."

மூன்று நாளாக எதைக் கேட்கக் கூச்சப்பட்டாளோ அந்தக் கூச்சம் அந்த நொடியிலேயே பறந்துபோனது. தன் வகுப்பு போனால் போகட்டும், பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொல்வதற்கு விட முடியாது. பையிலிருந்து பயிற்சித்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஓரத்தில் கையால் எழுதிய நாலு சொல் இருந்தது.

"தொடர்வரிசையை வாயால சொல்லிப் பாருங்க லஸாத். 5, −15, 45."

லஸாத் வாயால் சொல்லவில்லை. பேனாவை எடுத்துத் தன் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதினார். பெருக்கினார். மறுபடி பெருக்கினார். ஆறு உறுப்புகளின் கூடுதலையும் போட்டுப் பார்த்தார், ஒரு பக்கம் 1820, மறுபக்கம் −910. அவர் கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது.

"நீங்க வெள்ளிக்கிழமையே இதைப் பாத்திருப்பீங்களே. ஏன் சொல்லல?"

"சொன்னா பிச்சை கேட்ட மாதிரி இருக்கும்."

லஸாத் தன் கேள்வித்தாளை மறுபடி படித்தார். பிறகு, நியாயம் என்று பார்த்தால் தன் பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் வெட்ட வேண்டுமே என்று மெதுவாகச் சொன்னார். வெட்ட வேண்டாம், தப்பு கேள்வியில் இருக்கிறது, அதற்குப் பிள்ளைகள் ஏன் அழ வேண்டும் என்றாள் வஸீலா. தானும் சோதனைக்கு முந்தின வாரம் இதே குழியில் விழுந்ததையும், அதிலிருந்து தன்னைத் தூக்கிவிட்டது யார் என்பதையும் சொன்னாள்.

லஸாத் கட்டைப் பிரித்தார். பத்தொன்பது தாள், ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண். 279. வகுத்தால் பத்து புள்ளி முப்பத்துமூன்று. வஸீலா கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி கண்ணில் நீர் நின்றது.

அவர் முதலில் தேடி எடுத்தது ஷிராஸின் தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் எழுதியிருந்தாள். இரண்டாம் கணக்கின் கீழே அவளுடைய குண்டு எழுத்தில், 'நேர் எண்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. அதனால் இரண்டையும் போடுகிறேன்' என்று இருந்தது. அதன் மேல் லஸாத் போட்டிருந்த பெரிய சிவப்புக் கேள்விக்குறி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, அந்தப் பெண் இந்த முறை எதையும் அடிக்கவில்லை.

லஸாத் தன் கேள்விக்குறியை அடித்தார். மேலே 9 என்று இருந்ததையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.